எதிராளி எழுதிய வாசகர் கடிதம்

உயிரோடு இருக்கும் நாவலாசிரியருக்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை புத்தகம் முழுவதையும் மொத்தமாகப் பாராட்டுபவை. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதைப் படித்தபோது மனதுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லி முடிக்கும் கடிதம் அபூர்வம். ஆங்கில இலக்கிய வரலாற்றில் அப்படிப்பட்ட கடிதத்துக்கு மிகத் தெளிவான சான்று, 1748 அக்டோபர் 15 அன்று ஹென்றி ஃபீல்டிங், சாமுவேல் ரிச்சர்ட்ஸனுக்கு எழுதியது. எழுதியவரும் நாவலாசிரியர்தான். அதுவும் ரிச்சர்ட்ஸனை ஊர் சிரிக்கக் கேலி செய்தவர்.

ரிச்சர்ட்ஸன் லண்டனில் அச்சகம் நடத்தியவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு 1740இல் அவர் வெளியிட்ட ‘பமீலா’, முதலாளியின் தொல்லைக்கு இணங்காமல் நின்று கடைசியில் அவனையே மணந்துகொள்ளும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை. இங்கிலாந்தே அதைப் படித்தது. மறு ஆண்டே ‘ஷமேலா’ என்ற நையாண்டிப் புத்தகம் வந்தது. பமீலாவின் கற்பெல்லாம் நல்ல விலைக்குப் போட்ட வேஷம் என்பது அதன் சாரம். புத்தகத்தில் பெயர் இல்லாவிட்டாலும் எழுதியவர் ஃபீல்டிங் என்பதில் ரிச்சர்ட்ஸனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 1742இல் ஃபீல்டிங் தம் பெயர் சொல்லாமலே வெளியிட்ட ‘ஜோசப் ஆண்ட்ரூஸ்’ நாவலும் பமீலாவின் அண்ணன் கதை என்று சொல்லிக்கொண்டு அதே கேலியோடுதான் தொடங்குகிறது. இவ்வளவுக்கும் பிறகு ரிச்சர்ட்ஸன் தம் அடுத்த நாவலின் ஐந்தாம் பாகத்தை, அது கடைக்கு வருவதற்கு முன்பே, ஃபீல்டிங் கைக்குக் கிடைக்கச் செய்தார். முதல் பாகங்கள் வந்தபோதே ஃபீல்டிங் தாம் நடத்திய பத்திரிகையில் அவற்றைப் புகழ்ந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த நாவல் ‘கிளாரிஸா’. ஏழு பாகங்கள், 1747 டிசம்பருக்கும் 1748 டிசம்பருக்கும் இடையே மூன்று தவணைகளாக வெளிவந்தது. கதை முழுவதும் கடிதங்களாலேயே சொல்லப்படுகிறது. பிடிக்காத ஒருவனுக்குக் கட்டிவைக்க வீட்டார் நெருக்க, கிளாரிஸா என்ற இளம்பெண் லவ்லேஸ் என்ற பணக்காரக் கயவனின் தந்திரத்தில் சிக்கி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். லண்டனில் அவன் அவளைத் தங்கவைக்கும் இடம் மரியாதையான விடுதிபோல் வேடமிட்ட விபசார வீடு. விஷயம் புரிந்து அவள் ஒருமுறை தப்பிவிடுகிறாள். அவன் தேடிக் கண்டுபிடித்து, ஏமாற்றி, மறுபடி அதே வீட்டுக்கு அழைத்து வருகிறான். அன்றிரவு மயக்கமருந்து கொடுத்து அவளைக் கெடுக்கிறான். ஃபீல்டிங்கின் கடிதம் எடுத்துக்கொள்வது, அவள் அந்த வீட்டுக்குள் திரும்பக் கால்வைக்கும் நேரத்திலிருந்து தொடங்கும் காட்சியை.

புகழுரையோடு தொடங்கி, நாவலின் நயங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். ஃபீல்டிங்கும் சில புகழுரைகளோடுதான் தொடங்குகிறார், ஆனால் அந்த வழியில் நெடுந்தூரம் போகவில்லை. அவள் திரும்பி வரும் இடத்தைக் குறிப்பிட்டு, தம் நெஞ்சு கதைசொல்லத் தொடங்குவது இங்கிருந்துதான் என்கிறார். முதலில் வந்தது திகில். ஏமாற்றப்பட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு. அடுத்து, அவள் கையில் ஒரு கடிதத்தோடு அறைக்குள் வருகிறாள். நம்பிக்கையெல்லாம் இற்றுப்போன நிலையில், தன்னைக் கெடுக்கப்போகிறவனின் முழங்காலையே கட்டிக்கொண்டு, அன்புக்குரிய லவ்லேஸ் என்று அவனை அழைக்கிறாள். காப்பாற்று என்று கேட்க நினைக்கிறாள், கேட்க வாய் வரவில்லை. இந்த இடத்தில் தம் திகில் இரக்கமாக உருகியது என்று ஃபீல்டிங் எழுதுகிறார். ஆண்கள் வெட்கப்படவேண்டிய பலவீனம் என்று உலகம் கருதும் ஆறுதல் தமக்கு அப்போது கிடைத்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அழுதேன் என்பதை அவர் சொல்லும் விதம் அது.

அழுகை எங்கே வந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கொடுமை நடந்த இடத்தில் அழுததாக அவர் சொல்லவில்லை. கொடுமைக்கு முன்னால், யாரிடமிருந்து ஓடவேண்டுமோ அவனிடமே அவள் அடைக்கலம் தேடும் இடத்தில் அழுதார். அவளுக்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதை அந்த ஒரு செயல் காட்டிவிடுகிறது. ரிச்சர்ட்ஸன் அந்தச் சைகையை யோசித்து வைத்தாரா, எழுதும் வேகத்தில் அது தானாக வந்து விழுந்ததா என்பது வேறு விஷயம். வாசகன் உடைந்துபோன இடம் இதுதான் என்று இன்னொருவர் விரல் வைத்துக் காட்டும்வரை எழுதியவருக்கு அது தெரிய வழியில்லை. நாவலாசிரியர் தம் புத்தகத்தை ஒருபோதும் முதல் தடவையாகப் படிக்க முடியாது. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் திகில் எந்த வரியில் இரக்கமாக மாறுகிறது என்பதை அவர் ஊகிக்கத்தான் முடியும். அவருக்கு ஒரு வாசகர் கொடுக்கக்கூடிய செய்தி இதுதான். வேறு எங்கும் அவர் இதை வாங்க முடியாது.

அதற்கு அடுத்ததாக ஃபீல்டிங் சொல்வது இன்னும் நுட்பமானது. குற்றம் நடந்த இரவை ரிச்சர்ட்ஸன் வர்ணிக்கவில்லை. மறுநாள் லவ்லேஸ் தன் நண்பனுக்கு எழுதும் மிகச் சிறிய கடிதம் ஒன்றை மட்டும் வைக்கிறார். காரியம் முடிந்தது, அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாகப் பேசும் லவ்லேஸ், நாவலிலேயே மிகப் பெரிய விஷயத்துக்கு இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறான். அதைப் படித்ததும் இடி விழுந்ததுபோல் ஆனேன் என்று எழுதிய ஃபீல்டிங், அந்த இரண்டு வரிகள் தமக்குள் செய்ததைப் பல வரிகளாலும் விளக்கமுடியாது என்று விட்டுவிடுகிறார். நாவலின் சுருக்கத்துக்கு அவர் கொடுத்த மரியாதை தம் கடிதத்தையும் அந்த இடத்தில் சுருக்கிக்கொண்டதுதான்.

திகில், இரக்கம், அதிர்ச்சி என்று வந்தால் அது ஒரே உணர்ச்சி ஆகுமா என்று கேட்கலாம். காட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக மனம் துடிக்கும் துடிப்பு ஒன்றே அங்கே இருக்கிறது. காட்சி நகர நகர அது நிறம் மாறுகிறது. அந்த மாற்றத்தை நடந்த வரிசையிலேயே சொல்வதால் கடிதம் சிதறவில்லை. பின்னால் வரும் பகுதிகளில் கிளாரிஸாவின் நடத்தை தம்மை வியக்கவைத்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அந்த இடத்தில்தான் கடிதம் திசைமாறப் பார்க்கிறது. ஆசிரியர் எவ்வளவு சாமர்த்தியமாக நாயகியை உயர்த்த வழிவகுத்திருக்கிறார் என்று ஒரு வாக்கியம் எழுதியதுமே, இது புத்தியிலிருந்து வருகிறது, நெஞ்சிலிருந்து அல்ல என்று தம்மைத் தாமே பிடித்துக்கொண்டு அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துகிறார். அதற்குச் சற்று முன்பும், இந்தப் பகுதியைக் குறைசொல்பவர்கள் இருப்பது தமக்குத் தெரியும். இப்போது எழுதுவது நெஞ்சாக இருப்பதால் அவர்கள் தப்பித்தார்கள் என்கிறார். விமரிசனத்துக்கும் இந்த வகைக் கடிதத்துக்கும் இடையே உள்ள கோட்டை இவ்வளவு துல்லியமாகப் போட்டவர்கள் குறைவு. விமரிசகர் காட்சி எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்வார். ஃபீல்டிங்குக்கு அதைச் சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்லாமல் விட்டார்.

கடைசியாக, தம்மை ஏன் நம்பவேண்டும் என்பதற்குக் காரணம் சொல்கிறார். முகஸ்துதி செய்வதால் தமக்கு வரக்கூடிய லாபம் எதுவும் இல்லை. நாம் இருவரும் புகழ் என்ற ஒரே நாயகிக்குப் போட்டிபோடுபவர்கள் என்பதும் நான் உங்களை வெறுப்பதாக உலகம் நினைத்துக்கொண்டிருப்பதும் தெரிந்ததே என்கிறார். ‘ஷமேலா’வை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இதை உலர்ந்த கண்ணோடு படிக்கக்கூடிய ஆண், ஆளரவம் இல்லாத இடத்தில் என் மகளோடு தனியாக இருக்க நேரக்கூடாது என்று சொல்லும் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது. கேலிக்காரர் தகப்பனாக எழுதிய வாக்கியம் அது. பழைய கணக்கைத் தீர்க்க அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 10 தேதியிட்ட இன்னொரு கடிதமும் ரிச்சர்ட்ஸனுக்கு எழுதப்பட்டது. திருமதி பெல்ஃபர் என்ற புனைபெயரில் எழுதியவர், லங்காஷயரைச் சேர்ந்த டோரத்தி பிராட்ஷா சீமாட்டி. ரிச்சர்ட்ஸன் கையெழுத்துப் பிரதியை நண்பர்களிடம் கொடுத்துப் படிக்கவைப்பவர் என்பதால் கிளாரிஸா கடைசியில் இறந்துவிடுகிறாள் என்ற செய்தி எப்படியோ கசிந்திருந்தது. அது உண்மையா என்று ஒரு செய்தித்தாளில் விளம்பரம்போல் பதில் போடும்படி கேட்கிறார் சீமாட்டி. லவ்லேஸ் திருந்தவேண்டும், கல்யாணம் நடக்கவேண்டும். அவனைத் தமக்குப் பிடித்திருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். ஏமாற்றினால் அழகான இளம்பெண்கள் எல்லோரும் உங்களை வெறுக்கட்டும் என்று பாதி விளையாட்டாகச் சாபமும் விடுகிறார்.

படிக்கச் சுவையான கடிதம்தான். ஆனால் அது இன்னும் படிக்காத ஒரு காட்சியைப் பற்றிய கோரிக்கை. கோரிக்கை என்று வந்துவிட்டால் அதற்குப் பதில்வாதம் செய்ய முடியும். ரிச்சர்ட்ஸன் நீளமாகவே செய்தார். அப்படிப்பட்ட ஒருவனை மணந்தால் கயவனுக்குப் பரிசு கொடுத்ததாகும் என்பது அவர் கட்சி. முடிவு மாறவில்லை. லவ்லேஸ்மீது வாசகிகளுக்கு இருந்த மயக்கம் அவரைக் கவலைப்பட வைத்தது. பின்வந்த பதிப்புகளில் அவனை இன்னும் கறுப்பாகக் காட்டும் அடிக்குறிப்புகளைச் சேர்த்தார். அதாவது கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. அதற்குள் தற்செயலாக வந்து விழுந்த ஒப்புதல்தான் அவருக்குப் பயன்பட்டது.

அதே சீமாட்டி 1749 ஜனவரி 6 அன்று எழுதியது வேறு மாதிரிக் கடிதம். அதற்குள் கடைசிப் பாகங்கள் வந்து, கிளாரிஸாவின் மரணம் வரை அவர் படித்திருந்தார். இப்போது வாதம் பின்னால் போய்விட்டது. படித்த நேரங்களில் நடந்தது முன்னால் வருகிறது. புத்தகத்தைக் கீழே வைப்பார், எடுப்பார், அறைக்குள் நடப்பார், அழுவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்காருவார். மூன்று வரி தாண்டாமல், மன்னியுங்கள் ரிச்சர்ட்ஸன், என்னால் முடியாது என்று வீசிவிடுவார். கணவர் பார்த்துப் பயந்து புத்தகத்தைப் பிடுங்கிவிடுவதாக மிரட்டினார். படித்து முடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகே விட்டார். இரவில் விழித்து அழுதது, காலைச் சாப்பாட்டு மேசையில் அழுதது, இதை எழுதும் இப்போதும் அழுவது எல்லாம் அதில் இருக்கிறது. இத்தனை கண்ணீரும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த மூன்று வரிக் கணக்கையும் சாப்பாட்டு மேசையையும் கற்பனையில் கொண்டுவருவது கடினம். அதனால் நம்பத் தோன்றுகிறது.

முடிவு மாறவேண்டும் என்ற வாதம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. தமிழில் 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் காரில் ஏற்றிச் சென்ற ஒருவனிடம் தன்னை இழந்துவிட்டு வரும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்லும் காட்சி பெரும் வாதத்தைக் கிளப்பியது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எடுத்துக்கொண்டு ஜெயகாந்தன் பின்னர் எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்த நாவலின் கங்கா, தன் வாழ்க்கையைப் போன்ற ஒரு கதையை, ஆனால் வேறு முடிவோடு, ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். அந்தப் பூசலில் வேலைசெய்ததும் ஒரே ஒரு காட்சிதான். கதை நன்றாக இல்லை என்ற பொதுவான குறையிலிருந்து அப்படி ஒரு நாவல் பிறந்திருக்காது.

இன்று ஒருவர் இந்த மாதிரிக் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் தடுக்குவது காட்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான். எல்லோரும் பேசும் காட்சி உடனே நினைவுக்கு வரும். அது தம்மைத் தொட்டதா, தொட்டதாகக் கேள்விப்பட்டதா என்று பிரித்தறிவது கடினம். புத்தகத்தைத் திறக்காமல் நினைவிலிருந்தே அந்தக் காட்சியை எழுதிப் பார்ப்பது ஒரு வழி. உண்மையாகத் தைத்த காட்சி என்றால் ஒரு சிறு பொருளோ சைகையோ கேட்காமலே வந்து நிற்கும், ஃபீல்டிங்குக்கு அவள் கையிலிருந்த கடிதம் நின்றதுபோல. வெறும் நிகழ்ச்சிச் சுருக்கம்தான் வருகிறது என்றால் அது அவருடைய காட்சி அல்ல. எழுதியபிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நினைவு காட்சியைச் சற்று மாற்றி வைத்திருந்தால் அதை மறைக்கவேண்டியதில்லை. எந்த இடத்தில் மாற்றியது என்பதும் ஆசிரியருக்குச் செய்திதான்.

அடுத்த சிக்கல் கதைச்சுருக்கம். கதையை எழுதியவருக்கே கதை சொல்லும் கடிதங்கள் ஏராளம். காட்சியில் நடப்பதை ஃபீல்டிங்கும் சொல்கிறார். ஆனால் உணர்ச்சி எந்த இடத்தில் திரும்பியது என்று குறிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். பக்க எண்ணைவிட நிகழ்ச்சியைச் சொல்வது நல்லது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ‘நாயகியின் துன்பம் கண்ணீரை வரவழைத்தது’ என்று எழுதினால் துன்பப்படும் நாயகி உள்ள எந்த நாவலாசிரியருக்கும் உறையை மட்டும் மாற்றி அனுப்பிவிடலாம். ‘அவள் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்ட இடம் வரை பயந்துகொண்டிருந்தேன், அந்த இடத்தில் அழுதுவிட்டேன்’ என்று எழுதினால் அது ஒரே ஒருவருக்குத்தான் போகமுடியும்.

சொந்த வாழ்க்கையை எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு அளவு உண்டு. தம் மகளைப் பற்றி ஃபீல்டிங் எழுதியது ஒரு வாக்கியம். காட்சி ஏன் தைத்தது என்று புரியவைக்கும் அளவுக்கு அது போதும். அதே வாக்கியம் மூன்று பக்கமாக நீண்டால், நாவலாசிரியர் ஆறுதல் சொல்லவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அணிந்துரை எழுதித் தரும்படியோ தம் கையெழுத்துப் பிரதியைப் படிக்கும்படியோ கடைசிப் பத்தியில் கேட்டுவிட்டால், மேலே சொன்ன கண்ணீர் அத்தனையும் அதற்கான முன்னுரையாக மாறிவிடும். கேட்கத்தான் வேண்டும் என்றால் தனியாக இன்னொரு நாளில் கேட்கலாம்.

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் போதும். தமிழ் நூல்கள் பலவற்றில் முதல் சில பக்கங்களுக்குள் ஆசிரியரின் முகவரியோ மின்னஞ்சலோ அச்சிடப்பட்டிருக்கும். இல்லையென்றால் பதிப்பகத்தின் முகவரிக்கு ‘மே/பா’ போட்டு அனுப்பலாம்.

இப்படிப்பட்ட கடிதம் இரண்டு பேரை நண்பர்களாக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிராட்ஷா சீமாட்டி விஷயத்தில் ஆக்கியது. 1750இல் லண்டனுக்கு வந்திருந்த அவர், பெயர் சொல்லாமலே ரிச்சர்ட்ஸனை அடையாளம் கண்டுகொள்வதற்காக ஒரு பூங்காவில் தேடினார். தாம் குள்ளம், சற்றுப் பருமன், கையில் தடி இருக்கும் என்று அவரே தம் அடையாளங்களை எழுதி அனுப்பியிருந்தார். பிறகு அறிமுகமாகி, 1761இல் ரிச்சர்ட்ஸன் இறக்கும்வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். தம் பிரதியின் ஓரங்களில் சீமாட்டி எழுதிய ஆட்சேபங்களுக்கு ரிச்சர்ட்ஸன் அதே ஓரங்களில் பதில் எழுதிவைத்தார். முடிவைப் பற்றிய சண்டை அங்கும் ஓயவில்லை. ஃபீல்டிங் விஷயம் வேறு. அவர் கடிதம் எழுதி நான்கு மாதம் கழித்து, 1749 பிப்ரவரியில், அவருடைய ‘டாம் ஜோன்ஸ்’ வெளிவந்து அமோகமாக விற்றது. ரிச்சர்ட்ஸன் அதைப் படிக்க மறுத்தார். தாம் படிக்கவில்லை என்று நண்பர்களுக்கு எழுதிக்கொண்டே, அதன் நாயகனுடைய பிறப்பையும் ஒழுக்கத்தையும் குறைசொல்லிவந்தார்.